இரு வீட்டுக்கும் ஒரே அளவு நன்றி
வரவேற்பு மேடையில் மாப்பிள்ளை பேசும் இரண்டு நிமிடம்

திருமண வரவேற்பில் மணமகன் பேசும் நன்றியுரை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட வேண்டிய பேச்சு. அதற்குள் பெற்றவர்களுக்கும் பெண் வீட்டாருக்கும் ஒரே அளவில் நன்றி போய்ச் சேர வேண்டும். பெரும்பாலான மாப்பிள்ளைகளின் பேச்சு இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. சொந்த வீட்டைப் பற்றி ஆறு வாக்கியம் வருகிறது. பெண் வீட்டுக்கு ஒன்றோடு முடிகிறது. அன்பு குறைந்ததால் வரும் சாய்வு அல்ல இது. சொந்த வீட்டோடு மாப்பிள்ளைக்கு இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கம், பெண் வீட்டோடு நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வந்த சில மாதப் பழக்கம். தெரிந்ததைப் பற்றி நீளமாகவும் தெரியாததைப் பற்றிச் சுருக்கமாகவும் பேச்சு தானாகவே அமைந்துவிடுகிறது. தெரியாததை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் சாய்வு பெருமளவு நேராகிவிடும்.

பேச்சு வந்த வழி

பிரிட்டனில் கல்யாண விருந்தில் முதலில் பெண்ணின் தகப்பனார் பேசுவார், அடுத்து மாப்பிள்ளை, பிறகு மாப்பிள்ளைத் தோழன். அங்கே மாப்பிள்ளை பேசுவது மாமனாரின் பேச்சுக்குப் பதில். ஒருவர் பேசி முடித்தவுடன் அவருக்கு நன்றி சொல்வதால் பெண் வீட்டை மறந்துபோக வழியே இல்லை. லண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறிய ஈழத்தமிழர் குடும்பங்கள் பலவற்றின் வரவேற்புகளிலும் இத்தகைய உரைகளைக் கேட்க முடியும்.

தமிழ்நாட்டில் கல்யாண மேடைப் பேச்சுக்கு வேறொரு வேர் உண்டு. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த சுயமரியாதைத் திருமணத்தை ஒட்டிப் புரோகிதர் இல்லாத, பேச்சை நடுவில் வைத்த கல்யாணமுறை ஒன்று பரவியது. ஒருவர் தலைமை வகிப்பார், மணமக்கள் உறுதிமொழி சொல்வார்கள், பலர் வாழ்த்துவார்கள், கடைசியில் நன்றியுரை. அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில் இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவு சேர்க்கப்பட்டு, 1968இல் இத்திருமணங்கள் சட்டப்படி செல்லுபடியாயின. சேலம், ஈரோடு பக்கத்து ஊர்களில் கட்சிக் குடும்பத்துக் கல்யாணம் பார்த்தவர்களுக்கு இந்த நிரல் நன்றாகப் பழகியது. ஆனால் அங்கே நன்றியுரை பெரும்பாலும் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் பொறுப்பு. வந்த தலைவர்களின் பெயர்களை வரிசைப்படி வாசிப்பதே அதில் முக்கால் பங்கு.

சடங்கு வழியில் நடக்கும் கொங்குக் கல்யாணத்தில் நன்றி பேச்சாக வருவதில்லை, சீராக வருகிறது. அருமைக்காரர் நடத்தித்தர, மங்கல வாழ்த்து பாடப்பட, மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர், தாய்மாமனுக்கு அவருக்குரிய சீர் என்று ஒவ்வொரு உறவுக்கும் ஓர் இடம் வகுக்கப்பட்டிருக்கிறது. இதில் பெற்றவர்களை மாப்பிள்ளை தன் வாயால் நன்றி சொல்லி அழைக்கும் இடம் இல்லை. கணவரை இழந்த அம்மாவோ பாட்டியோ இருந்தால் பல வீடுகளில் அவர்கள் மணவறைப் பக்கமே வருவதில்லை. சீர் சொல்லாமல் விடுகிற இவற்றைத்தான் வரவேற்பு மேடைப் பேச்சு சொல்ல முடியும்.

மேடையும் நேரமும்

சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கத்து மண்டபங்களில் வரவேற்பு பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை. இதை வைத்தே பேச்சில் இரண்டு விஷயங்கள் முடிவாகின்றன. முதலாவது, இன்னும் தாலி ஏறவில்லை. “என் மனைவி” என்று அன்றிரவு மேடையில் சொன்னால் முன்வரிசைப் பெரியவர்கள் நெளிவார்கள். பெண்ணைப் பெயர் சொல்லியோ, இருவரையும் சேர்த்து “நாங்க” என்றோ சொல்வது சரியாக இருக்கும். பெண்ணின் பெற்றோரை “மாமா, அத்தை” என்று அழைப்பதில் சிக்கல் இல்லை. நிச்சயத்தன்றே வாய்க்கு வந்துவிடும் முறை அது.

இரண்டாவது, பேச்சுக்கென்று தனி நேரம் எதுவும் அங்கே ஒதுக்கப்படுவதில்லை. மணமக்கள் மேடை ஏறியதும் பரிசும் கவருமாக வரிசை நிற்கத் தொடங்கிவிடும். பெற்றோர் நால்வரும் வாசலில் கைகூப்பிக்கொண்டு நிற்பார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பந்தியில் இருப்பார்கள். இதற்கு நடுவில் ஒலிபெருக்கி இன்னிசைக் குழுவின் கையில் இருக்கும். வரிசை பாதி நகர்ந்த பிறகு மாப்பிள்ளை மைக் வாங்கினால் நிற்பவர்களுக்கு எரிச்சல், பேசுபவருக்குப் பதற்றம். கடைசியில் வைத்தால் கேட்க ஆள் இருக்காது.

மணமக்கள் மேடைக்கு வந்த உடனே, வரிசை தொடங்குவதற்கு முன்பாகப் பேசுவதே உகந்தது. வாசலில் நிற்கும் நால்வரையும் ஐந்து நிமிடம் மேடைக்கு அழைத்து, அவர்கள் இடத்தில் ஒரு சித்தப்பாவையும் ஒரு மாமாவையும் நிற்க வைத்தால் போதும். நன்றி பெறுகிறவர்கள் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது இந்தப் பேச்சுக்கு அடிப்படை. வாசலில் நிற்கும் மாமனாருக்கு மேடையிலிருந்து சொன்ன நன்றியை மறுநாள் வீடியோக்காரர்தான் அவருக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

சாய்வு தெரியும் இடங்கள்

எழுதி முடித்த பேச்சு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. மாப்பிள்ளை வீட்டு வாக்கியங்களின் கீழே நீல மையிலும் பெண் வீட்டு வாக்கியங்களின் கீழே சிவப்பு மையிலும் கோடு போட்டுப் பார்த்தால் நீளத்தின் சாய்வு உடனே தெரியும்.

தரத்தின் சாய்வைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் கவனம் வேண்டும். தன் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது அவர் செய்த காரியம் ஒன்று வருகிறது. மாமனாரைப் பற்றிச் சொல்லும்போது “நல்ல மனிதர்” என்ற பாராட்டு மட்டும் வருகிறது. இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தாலும் ஒரே எடை அல்ல. ஒருவர் செய்த வேலைக்கு எதிரே இன்னொருவர் செய்த வேலைதான் நிற்க வேண்டும்.

மூன்றாவது சாய்வு, “தங்கள் மகளை எனக்குக் கொடுத்த” என்று நன்றி சொல்வது. பெண் வீட்டாருக்கு மேடையில் வழக்கமாகக் கிடைக்கும் ஒரே வாக்கியம் இதுதான். இதன்படி அவர்கள் செய்த காரியம் கொடுத்தது மட்டுமே. இருபத்தைந்து ஆண்டு வளர்த்தது கணக்கில் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வளர்த்தவர்கள், பெண் வீட்டார் கொடுத்தவர்கள் என்று பிரிந்தவுடன் சமம் போய்விடுகிறது. இருவரையும் வளர்த்தவர்களாகவே பேச வேண்டும்.

சீர்வரிசை, நகை, வண்டி ஆகியவற்றுக்கு மேடையில் நன்றி சொல்வது இதைவிடப் பெரிய பிழை. வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிரியப்பட்டுக் கொடுத்த பரிசாகவே இருந்தாலும், ஆயிரம் பேர் முன்னால் அதைச் சொன்னால் ஒரு வீடு கொடுக்கிற வீடாகவும் மற்றது வாங்குகிற வீடாகவும் நிற்கிறது.

முதல் வரைவு

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாக எடுத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்குச் சங்ககிரி, தகப்பனார் லாரி ஓட்டியவர், மாதத்தில் பாதிநாள் லைனில். பெண்ணுக்குக் குமாரபாளையம், வீட்டோடு சேர்ந்த விசைத்தறிப் பட்டறை. மாப்பிள்ளை முதலில் எழுதும் பேச்சு அநேகமாக இப்படி வரும்:

“அனைவருக்கும் வணக்கம். தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கி இங்கே வருகை தந்திருக்கும் அனைவருக்கும் நன்றி. இரவு பகல் பாராமல் எனக்காக உழைத்தவர் என் அப்பா. மெழுகுவர்த்தியாய் உருகி எனக்கு ஒளி தந்தவர் என் அம்மா. அவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தைகளே இல்லை. என்னைத் தோளில் தூக்கி வளர்த்த என் தாய்மாமாவுக்கும், என் அக்காவுக்கும், அத்தானுக்கும் நன்றி. அதேபோல் தங்கள் அருமை மகளை எனக்குக் கொடுத்த மாமா, அத்தைக்கும் நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும்.”

சொந்த வீட்டுக்கு நான்கு வாக்கியம், பெண் வீட்டுக்கு ஒன்று. அதுவும் “அதேபோல்” என்று பின்னால் ஒட்டி வருகிறது. தன் தாய்மாமனைச் சொன்னவர் பெண்ணின் தாய்மாமனைச் சொல்லவில்லை. பெயரை விட்டதற்கு மன்னிப்புக் கேட்கும் வரி, விட்டுப்போனவர்களுக்குத்தான் தாங்கள் விட்டுப்போனதை நினைவூட்டும். இன்னொரு குறையும் உண்டு. இந்த அப்பாவை எடுத்துவிட்டு வேறு எந்த அப்பாவை வைத்தாலும் அந்த வரி அப்படியே பொருந்தும். லாரி ஓட்டியவர் அதில் இல்லை.

கேட்டுத் தெரிந்துகொள்வது

இரண்டாம் வரைவு எழுதுவதற்கு முன் மாப்பிள்ளை பெண்ணிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அப்பாவும் அம்மாவும் செய்ததில் இன்றும் நினைவில் நிற்கும் காரியம் எது? “ரொம்பக் கஷ்டப்பட்டாங்க” என்ற பதில் போதாது. எந்த நாளில், எந்த இடத்தில், என்ன செய்தார்கள் என்று வரும்வரை பேச்சைத் தொடர வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டில் பெண் இரண்டு விஷயம் சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பேருந்து எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் அப்பா ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு நிறுத்தத்தில் வந்து நிற்பார். தறி நின்றால் அந்த நேரத்துக்குத் துணி இல்லை, வருமானம் இல்லை. அதைத் தெரிந்துதான் நின்றார். அம்மா சனிக்கிழமைதோறும் கூலிக் கணக்கு நோட்டை மகள் முன்னால் வைத்து அவளையே எழுதச் சொல்வார்.

இதைக் கேட்டதும் மாப்பிள்ளைக்குத் தன் வீட்டிலும் இதற்கு இணையானவை நினைவுக்கு வரும். அப்பா எந்த ஊருக்கு லோடு ஏற்றிப் போயிருந்தாலும் பரீட்சைக்கு முந்தின இரவு போன் செய்துவிடுவார். வண்டிக் கணக்கு முழுவதும் அம்மாவின் நோட்டில் இருந்தது. தேடாமலே ஜோடி அமைந்துவிட்டது. மகளுக்காக வந்து நின்ற அப்பா, மகனை அழைத்துப் பேசிய அப்பா. கணக்கு நோட்டு வைத்திருந்த இரண்டு அம்மாக்கள்.

எடுத்த செய்தியை மேடையில் சொல்லலாமா என்று பெண்ணிடமே மறுபடி உறுதி செய்துகொள்வது அவசியம். கடன், நோய், பங்காளிச் சண்டை, பட்டினி கிடந்த நாள் ஆகியவை உண்மையாகவே இருந்தாலும் மைக்கில் சொல்லக் கூடாது. சொந்தபந்தம் முன்னால் அது நன்றியாக விழாது, வறுமைப் பட்டியலாக விழும். சொல்லும்போது தறியும் லாரியும் பரிதாபமாக இல்லாமல் தொழிலாக நிற்க வேண்டும்.

திருத்திய பேச்சு

“எல்லாருக்கும் வணக்கமுங்க. ரெண்டே நிமிஷம் பேசிக்கிறேன்.

குமாரபாளையத்துல ஒரு அப்பா. காலேஜ் பஸ் எவ்வளவு நேரம் கழிச்சு வந்தாலும் ஓடுற தறியை நிறுத்திட்டு பஸ் ஸ்டாப்புல வந்து நிப்பாருங்க. சங்ககிரில ஒரு அப்பா. எந்த ஊருக்கு லோடு ஏத்திட்டுப் போனாலும் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி அவர்கிட்ட இருந்து போன் வந்துருமுங்க. பஸ் ஸ்டாப்புல நின்னவரு எங்க மாமா. போன் பண்ணுனவரு எங்க அப்பா. ரெண்டு பேருக்கும் நன்றிங்க.

ரெண்டு வீட்லயும் கணக்கு நோட்டு அம்மாங்க கையிலதான். சனிக்கிழமையானா கூலிக் கணக்கை மகளையே எழுத வெச்சாங்க அத்தை. ஒவ்வொரு ட்ரிப் கணக்கையும் என்னையே கூட்டிப் பாக்கச் சொன்னாங்க அம்மா. நாங்க ரெண்டு பேரும் காசோட அருமையைக் கத்துக்கிட்டது அந்த ரெண்டு நோட்டுலதானுங்க. அத்தைக்கும் அம்மாவுக்கும் நன்றிங்க.

முன்வரிசையில ரெண்டு பெரியவங்க உக்காந்திருக்காங்க. ஒருத்தரு அவங்க அப்பத்தா, இன்னொருத்தரு எங்க அம்மாயி. நாளைக்குக் காலையில முதல் ஆசீர்வாதம் உங்க ரெண்டு பேருகிட்டத்தான் வாங்கப்போறோம்.

பத்திரிகை வெச்சதுல இருந்து இப்பப் பந்தி பாத்துட்டு இருக்கறது வரைக்கும் ஓடியாடி வேலை செய்யற ரெண்டு வீட்டுப் பங்காளிங்க, மாமன் மச்சாங்க, கூட்டாளிங்க எல்லாருக்கும் நன்றிங்க. எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க. காலைல முகூர்த்தத்துக்கும் வந்துருங்க.”

நிதானமாகப் பேசினால் இது இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. அப்பாக்களில் பெண் வீடு முதலில் வந்தது. அம்மாக்களிலும் அத்தை முதலில். பாட்டிகளிலும் அப்படியே. யாரை முதலில் சொல்வது என்ற கேள்விக்கு இதுவே பதில். பேசுபவர் மாப்பிள்ளை என்பதால் மற்ற வீட்டை முன்னால் வைப்பது மரியாதை. இரண்டும் ஒரே மூச்சில் வருவதால் பின்னால் வருபவருக்குக் குறையும் இல்லை. நன்றி என்ற சொல் எந்த இடத்திலும் ஒரு வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

தாய்மாமன்கள் பெயர் சொல்லப்படவில்லை. ஒரு மாமனைச் சொன்னால் இரு பக்கத்து மாமன்களையும் சொல்ல வேண்டும். மூன்று மாமன் இருந்தால் மூவரையும் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் காலையில் சீர் இருக்கிறது. மேடைப் பேச்சில் பெற்றோர், பாட்டி தாத்தா என்ற இரண்டு படியோடு நிறுத்தி, மற்ற எல்லோரையும் உறவின் பொதுப்பெயரால் சேர்த்துச் சொல்வது மனத்தாங்கல் வராத வழி. வந்திருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒன்றியத் தலைவருக்கும் நன்றி சொல்வது குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் வேலை. அதை மாப்பிள்ளை பேச்சுக்குள் கொண்டுவந்தால் அப்பாவும் மாமாவும் பட்டியலில் கீழே போய்விடுவார்கள்.

தேய்ந்த வரிகள்

மேடைத் தமிழில் தானாக வாயில் வந்து விழும் வரிகள் சில உண்டு: பொன்னான நேரம், மெழுகுவர்த்தி, வார்த்தைகளே இல்லை, இரு மனம் கலந்த திருமணம், இரு குடும்பங்கள் ஒன்றாகும் நன்னாள். இவற்றைக் கேட்பவர் காது கடந்துபோய்விடும், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

தேய்ந்த வரியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். அந்த வரியைப் பக்கத்து மண்டபத்து மாப்பிள்ளை அப்படியே பேச முடியுமானால் அதை அடித்துவிடலாம். ஓடுகிற தறியை நிறுத்தியது வேறு மண்டபத்தில் பொருந்தாது. வரியை அடித்த இடத்தில் இன்னொரு அழகான வரியைத் தேட வேண்டியதில்லை. நடந்த காரியம் ஒன்றைப் பேச்சு வழக்கிலேயே வைத்தால் போதும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் மாப்பிள்ளை, அலுவலக நண்பர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு வரி வரவேற்புச் சொல்லிவிட்டு மீதியை வீட்டுத் தமிழில் பேசுவது நல்லது. நன்றிக்குரியவர்கள் பேசுவது அந்தத் தமிழைத்தான்.

மேடையில் கவனிக்க வேண்டியவை

பாட்டுக்காக இன்னிசைக் குழு வைத்திருக்கும் எக்கோ, பேச்சைக் குழப்பிவிடும். ஒலிப்பலகையில் உட்கார்ந்திருப்பவரிடம் முன்பே சொல்லி, பேசும் நேரத்துக்கு எக்கோவை அணைக்கச் சொல்ல வேண்டும். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் பிடித்தால் போதும்; மாலை மைக்கில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பந்திக் கூடத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தறி, போன், நோட்டு, பாட்டிகள் என்று நான்கு சொல்லைச் சிறு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் வரிசை மாறாது. கைபேசியைப் பார்த்துப் படித்தால் முகம் கீழே போய்விடும், நன்றி பெறுகிறவர் கண்ணைப் பார்க்க முடியாது. அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது குரல் தழுதழுத்தால் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு தொடரலாம். ஆனால் அங்கே முடங்கிப் பேச்சைப் பாதியில் விட்டால் சமம் கெடும். பெண் வீட்டு வரிகளை முதலில் வைப்பதில் இந்தப் பயனும் உண்டு: குரல் உடைந்தாலும் அவர்களுக்குரியது சொல்லப்பட்டிருக்கும்.

பெண்ணும் பேச விரும்பினால் நன்றியை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். மாப்பிள்ளை மாமாவுக்கும் அத்தைக்கும் நன்றி சொல்வார். பெண் மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்குச் சொல்வார். அப்போது மாப்பிள்ளை கேட்டதுபோல் பெண்ணும் அவர் வீட்டுச் செய்தியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இருவருக்கும் ஒவ்வொரு நிமிடம் என்று வைத்தால் மொத்த நேரம் கூடாது.

மேடையில் இடம் கிடைக்காத நன்றிகள் பல இருக்கும். மூன்று நாள் பாத்திரத்தோடு மல்லுக்கு நின்ற சமையல் மாஸ்டர், மண்டபத்துச் சாவியோடு அலைந்த சித்தப்பா, பத்திரிகை வைக்க வண்டி ஓட்டிய கூட்டாளி ஆகியோருக்குக் கல்யாணம் முடிந்த பிறகு நேரில் சென்றோ போன் செய்தோ தனித்தனியே சொல்ல வேண்டும். மைக்கில் பெயர் வாசிப்பதைவிட அது அவர்களுக்கும் பிடிக்கும். மேடைப் பேச்சு இரண்டு வீட்டுப் பெற்றவர்களுக்கும் பெரியவர்களுக்கும் உரியதாக இருக்கட்டும்.